கூலி மதிப்புரைகள்: இணையத்தில் வாங்கும் முன் கண்டறிதல்

இணையக் கடையில் ஒரு பொருளுக்குக் கீழே வாங்கியவர்கள் இடும் நட்சத்திரமும் எழுதும் கருத்தும் சேர்ந்தது மதிப்புரை. பேச்சுவழக்கில் ரிவ்யூ. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு எழுதியவை, வேறொரு பக்கத்திலிருந்து நகலெடுத்தவை, பரிசு காட்டி எழுதவைத்தவை என்று பொய்யான மதிப்புரைகள் முக்கியமாக மூன்று வழிகளில் வருகின்றன. முதல் வகை வாங்குபவரை எளிதில் ஏமாற்றிவிடுகிறது. காரணம், அதை எழுதுபவர் உண்மையிலேயே அந்தப் பொருளை ஆர்டர் செய்து, காசு கட்டி, வீட்டு வாசலில் பெற்றவர்.

பணம் திரும்பும் வழி

டெலிகிராம், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்களில் இடைத்தரகர்கள் சில பொருள்களின் படங்களைப் போடுகிறார்கள். விரும்பியவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து முழு விலைக்கும் ஆர்டர் செய்து, ஆர்டர் எண்ணைத் தரகருக்கு அனுப்புகிறார். பொருள் வந்ததும் 5 நட்சத்திரத்துடன் மதிப்புரை எழுதி, அது பக்கத்தில் வெளியானதற்கு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைப்பையும் ஒரு படிவத்தில் நிரப்பித் தருகிறார். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு, கட்டிய பணம் யுபிஐ வழியாக அவருக்குத் திரும்பி வருகிறது. கெடு முடியும்வரை தரகர் காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முன்னதாகவே பணம் கொடுத்தால், பொருளையும் கடைக்குத் திருப்பி அனுப்பி இரண்டு பக்கமும் பணம் வாங்கிவிடுவார்கள்.

இதனால்தான் அமேசானின் Verified Purchase என்ற முத்திரையும் ஃபிளிப்கார்ட்டின் Certified Buyer என்ற முத்திரையும் இந்த வகையிடம் தோற்றுப்போகின்றன. அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் கணக்கிலிருந்து இந்தப் பொருள் வாங்கப்பட்டது. கடைசியில் காசு யாருடைய பையிலிருந்து போனது என்பது கடைக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தப் பணம் கடைக்கு வெளியே கைமாறுகிறது. முத்திரை இல்லாத மதிப்புரையை ஒதுக்குவது சரி. முத்திரை இருப்பதாலேயே நம்பிவிடுவது தவறு.

ஆனால் இந்த முறை தடயம் வைக்காமல் போவதில்லை. தரகருக்கு மதிப்புரை சீக்கிரம் வேண்டும். ஆகவே அது பொருள் வந்த ஓரிரு நாளில் எழுதப்படுகிறது. எழுதுபவருக்கு அந்தப் பொருள் தேவையே இல்லை. ஆகவே படத்தில் அது பெட்டிக்குள்ளேயோ பிளாஸ்டிக் உறை பிரிக்காமலோ இருக்கிறது. பயன்படுத்தாததால் சொல்வதற்கு அனுபவம் இல்லை. விற்பவர் எழுதிய விளக்கத்திலிருந்தே சொற்களை எடுத்து, பொருளின் முழுப் பெயரையும் வாக்கியத்துக்குள் திணித்து எழுதுகிறார். உண்மையில் வாங்கியவர் மிக்ஸியை ‘மிக்ஸி’ என்றுதான் எழுதுவார். மாடல் எண்ணோடு வாட் அளவையும் சேர்த்து அவர் எழுத வேண்டிய அவசியமில்லை.

நாள்களைக் கொண்டு படித்தல்

இந்தத் தடயங்களில் மிகவும் நம்பத்தக்கது நாள்தான். சொற்களை மாற்றி எழுதலாம், படத்தை நன்றாக எடுக்கலாம். ஆனால் மதிப்புரை வெளியான நாளை எழுதுபவரால் மாற்ற முடியாது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் பக்கத்தை அமைத்துப் பார்க்கலாம். அதிகம் அறியப்படாத பெயரில் ஒரு நெக்பேண்ட் இயர்போன், விலை ₹1,299. எழுத்தில் உள்ள மதிப்புரைகள் 100. அவற்றில் 5 நட்சத்திரம் 74, 4 நட்சத்திரம் 6, மூன்றும் இரண்டும் தலா 3, 1 நட்சத்திரம் 14. கூட்டி வகுத்தால் சராசரி 4.2. பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் எண் இது.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த வடிவம். மேலே பெரிய குவியல், நடுவே கிட்டத்தட்ட வெறுமை, அடியில் மறுபடி ஒரு குவியல். ஓரளவு இப்படி இருப்பது இயல்புதான், ஏனென்றால் ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவருமே எழுத உட்காருகிறார்கள். எனவே வடிவம் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

அடுத்து வரிசையை மாற்ற வேண்டும். கடைகள் வழக்கமாக ‘சிறந்தவை’ என்று தாங்களே தேர்ந்த மதிப்புரைகளை முதலில் காட்டும். அதை Most recent என்று மாற்றி, மேலிருந்து கீழ்வரை நாள்களை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். நம் மாதிரிப் பக்கத்தில் மார்ச் 3 முதல் 14 வரையிலான 12 நாள்களில் 58 மதிப்புரைகள் கிடைக்கின்றன. 57 பேர் 5 நட்சத்திரம், ஒருவர் 4. அதற்குப் பிறகு ஏழு மாதங்களில் வந்தவை எல்லாம் சேர்த்து 42 மட்டுமே: 5 நட்சத்திரம் 17, 4 நட்சத்திரம் 5, மூன்றும் இரண்டும் தலா 3, 1 நட்சத்திரம் 14. அந்த 12 நாள்களைத் தள்ளிவிட்டு மீதி 42-ஐ மட்டும் கணக்கிட்டால் சராசரி 3.2. காகிதமும் பேனாவும் இருந்தால் ஐந்து நிமிட வேலை இது, 4.2 என்று நின்ற பொருள் ஒரு முழு நட்சத்திரம் இறங்கிவிட்டது.

மூன்றாவதாக, 1 நட்சத்திரம் கொடுத்தவர்கள் எப்போது, எதைப் பற்றி எழுதினார்கள் என்று படிக்க வேண்டும். மாதிரிப் பக்கத்தில் அவர்களில் பெரும்பாலோர் ஜூனுக்குப் பிறகு எழுதியவர்கள். இடது பக்கம் கேட்கவில்லை, சார்ஜ் நிற்கவில்லை என்ற அதே இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள். வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு நடையில், அதே பழுதுகள். புகழ்ச்சி ஒரே வாரத்தில் வந்து குறை மட்டும் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வந்தால், நம்ப வேண்டியது குறையைத்தான். பொருள் உழைக்குமா என்பது மூன்று மாதம் பயன்படுத்தியவருக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் கடை காட்டும் எண்ணும் நாம் கணக்கிடும் எண்ணும் அப்படியே ஒத்துப்போகாது. அமேசான் எளிய சராசரியைப் பயன்படுத்துவதில்லை. மதிப்புரை எவ்வளவு புதியது, வாங்கியது உறுதியானதா என்பவற்றையும் கணக்கில் சேர்க்கிறது. எழுத்தே இல்லாமல் நட்சத்திரம் மட்டும் இட்டவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

நகலும் இடம்மாறியதும்

நகலெடுத்த மதிப்புரையைப் பிடிக்க எளிய வழி, அதிலுள்ள வழக்கமில்லாத ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுவது:

```
"my father uses it daily on his evening walk"
```

வேறொரு நிறுவனத்தின் பொருளுக்குக் கீழே அதே வாக்கியம் எழுத்துப் பிசகாமல் கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. ‘குட் பிராடக்ட்’ போன்றவற்றைத் தேடிப் பயனில்லை. நம்மூரில் மனமாரப் பாராட்டுபவரும் அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வது உண்டு. தேடாமலே தெரிந்துவிடும் நகல்களும் இருக்கின்றன. வயரில்லாத இயர்போனுக்குக் கீழே வயர் நீளமாக இருக்கிறது என்று பாராட்டு இருந்தால், அது எங்கிருந்தோ வெட்டி ஒட்டப்பட்டது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, நல்ல பெயர் வாங்கிய பொருளின் பக்கத்தில் புதுப் பொருளை அதன் நிறமோ அளவோ போலச் சேர்த்துவிடுவது. பழைய பொருள் சம்பாதித்த ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களும் புதியதற்கு வந்துவிடும். அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரைகள் விற்கும் தி பவுண்டிஃபுல் கம்பெனி அமேசானில் இப்படிச் செய்ததாக அந்நாட்டு வணிக ஆணையமான எஃப்டிசி 2023-ல் நடவடிக்கை எடுத்தது; நிறுவனம் 6,00,000 டாலர் செலுத்த நேர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு மதிப்புரைக்கும் மேலே நிறம், அளவு, மாடல் என்று சிறிய எழுத்தில் வரும் வரியைப் படித்து, நாம் வாங்கப்போவதுடன் ஒப்பிட வேண்டும். பழைய மதிப்புரைகளின் படங்களையும் பார்க்கலாம். அவற்றில் வேறு பொருள் இருந்தால் அந்த நட்சத்திரங்கள் நமக்கு உதவாது.

பெட்டிக்குள் இருக்கும் அட்டை

பெட்டியைத் திறந்தால் ஒரு சிறு அட்டை: 5 நட்சத்திரம் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ₹100 கேஷ்பேக். இங்கே எழுதுபவர் காசு கொடுத்து வாங்கிய உண்மையான வாடிக்கையாளர். அவர் சொல்வதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். நட்சத்திரம் மட்டும் ஒன்றோ இரண்டோ கூடிவிடுகிறது. அதனால் இதைப் புகழ்ச்சியில் தேடிப் பயனில்லை. பணம் வராமல் போனவர்களும், அந்த அட்டையால் எரிச்சலடைந்தவர்களும் 1 நட்சத்திர மதிப்புரையில் அதைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். மதிப்புரைகளுக்குள் தேடும் வசதி இருக்கும் இடத்தில் cashback, card, voucher ஆகிய சொற்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. ஒரு நேர்மையான வாடிக்கையாளர் எடுத்துப் போட்ட அட்டையின் படம், நூறு நட்சத்திரங்களின் விலையை நமக்குச் சொல்லிவிடும்.

இலவசப் பொருளுக்கு எழுதுவதெல்லாம் மோசடி அல்ல. அமேசான் 2016 அக்டோபரில் விற்பவர் நேரடியாக இலவசம் கொடுத்து எழுதவைப்பதைத் தடைசெய்து, தன் ‘வைன்’ திட்டத்தை மட்டும் விட்டுவைத்தது. அதில் வரும் மதிப்புரைகள் மேல் Vine என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். குறை சொல்லவும் அவர்களுக்குத் தடையில்லை.

தவறாகச் சந்தேகிக்கும் இடங்கள்

தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி நாள்களில் பல்லாயிரம் பேர் ஒரே வாரத்தில் வாங்குகிறார்கள். அடுத்த வாரம் மதிப்புரைகளும் கூட்டமாகத்தான் வரும். ஆனால் அந்தக் கூட்டத்தில் 3 நட்சத்திரமும் இருக்கும், டெலிவரி தாமதம் என்ற திட்டும் இருக்கும். கூலிக் கூட்டத்தில் குறையே இருக்காது. போட்டிக் கடைக்காரர் எழுதவைக்கும் 1 நட்சத்திரங்களும் உண்டு. அவை பழுது எது என்று சொல்லாமல் ‘மோசடி, வாங்காதீர்கள்’ என்று கத்தும். பல சமயம் வேறொரு பொருளின் பெயரைச் சொல்லி அதை வாங்கச் சொல்லும்.

எழுதியவரின் பெயரைத் தொட்டு அவருடைய பிற மதிப்புரைகளைப் பார்க்க முடிந்தால், அது நல்ல சாட்சி. ஒரே வாரத்தில் பெயர் தெரியாத நான்கு நிறுவனங்களின் டிரிம்மர், முகப்பூச்சு, சார்ஜர், குழந்தைப் பொம்மை எல்லாவற்றுக்கும் 5 நட்சத்திரம் இட்டவர் தரகர் குழுவில் இருப்பவர் என்று கொள்வதில் தவறில்லை. பலர் அந்தப் பட்டியலை மறைத்து வைத்திருப்பார்கள் என்பதால், இது கிடைத்தால்தான் உதவும். மதிப்புரைகளை நமக்காகச் சோதித்துத் தரம் சொல்லிவந்த ஃபேக்ஸ்பாட் சேவையும் இப்போது இல்லை; மோசில்லா அதை 2025 ஜூலையில் மூடிவிட்டது.

சட்டம்

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-ன்படி விற்பவர் தன்னையே வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதக் கூடாது. மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் IS 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. அதை விரும்பிய நிறுவனம் பின்பற்றலாம் என்ற நிலையில்தான் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் போலி மதிப்புரையை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் அத்தகைய தடை 2025 ஏப்ரலில் தொடங்கியது.

பெட்டிக்குள் அட்டை வந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து, அந்தப் பொருளின் பக்கத்திலேயே மதிப்புரையாகப் போடுங்கள். கடைக்கும் புகார் அனுப்புங்கள். கடை காதில் வாங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.