ஆற்றில் ஒரு சொல்

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘ஒப்ஜே’ என்றால் சாமான். நோக்கம் என்றும் அர்த்தம் உண்டு. ஸ்பானிய மொழியிலும் இதே இரட்டை அர்த்தம் உண்டு. அது இரண்டு நாடுகளை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

மத்திய அமெரிக்காவில் ஓடுவது சான் ஹுவான் ஆறு. 1858 உடன்படிக்கைப்படி ஆறு நிகரகுவாவுக்குச் சொந்தம். ஆனால் ‘வணிக ஒப்ஹேத்தோஸ்’ உடன் அதில் படகு விட கோஸ்டாரிக்காவுக்கு நிரந்தர உரிமை உண்டு. பிற்காலத்தில் கோஸ்டாரிக்கப் படகுகள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றின. அந்தச் சொல்லுக்குச் சரக்கு என்றுதான் அர்த்தம், ஆட்கள் இல்லை என்று நிகரகுவா வாதாடியது.

2009-இல் தீர்ப்பு வந்தது. அங்கே சொல்லப்பட்டது நோக்கம்தான், சரக்கு அல்ல என்றது நீதிமன்றம். ‘வணிகம்’ என்பதோ பொதுச்சொல். உடன்படிக்கைக்கும் முடிவுநாள் கிடையாது. காலப்போக்கில் அந்தச் சொல் விரியும் என்று கையெழுத்திட்டவர்களே அறிந்திருப்பார்கள் என்று கொள்ள வேண்டும். ஆகவே கூலி வாங்கி ஆளேற்றுவதும் வணிகமே.

நீதிபதி ஸ்கொட்னிகோவ் முடிவை ஏற்றார், காரணத்தை ஏற்கவில்லை. பத்தாண்டுக்குக் குறையாமல் பயணிகள் போய்வந்தும் நிகரகுவா ஆட்சேபிக்கவில்லை, விதிகளுக்கு உட்படுத்தி அனுமதித்தது. பின்வந்த அந்த நடைமுறையே போதும் என்றார்.

கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு அவர் வழியே பிடிக்கிறது. எழுதியவர் மனதில் இருந்தது நம் ஊகம். ஆட்சேபிக்காமல் இருந்ததற்குப் பதிவேடு உண்டு.

போலீஸ் பணிப் படகுகளுக்கு மட்டும் நீதிமன்றம் உரிமை தரவில்லை. எவ்வளவு விரித்தாலும் காவல் வணிகமாகாது.