வெளிநாட்டிலிருந்து வாங்கிய பொருள் உடைந்து வந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

புது தில்லி: வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையம் வழியாக வாங்கிய பொருள் சேதமடைந்து வந்தால், பணம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. முதலாவது, பெட்டியைப் பிரிக்கும்போதே எடுக்கப்படும் புகைப்படங்கள். இரண்டாவது, புகார் அளிப்பதற்கான காலக்கெடு. இவற்றில் அதிகம் பேர் தவறவிடுவது காலக்கெடுவைத்தான்.

எடுத்துக்காட்டாக, புணேயைச் சேர்ந்த ஒருவர் இபே தளத்தில், ஜப்பானில் உள்ள விற்பனையாளரிடம் 6 பீங்கான் கோப்பைகள் கொண்ட தொகுப்பை மார்ச் 3-ஆம் தேதி வாங்கியதாகக் கொள்வோம். விலை 54 டாலர், அனுப்பும் கட்டணம் 18 டாலர் என மொத்தம் 72 டாலரைக் கடன் அட்டையில் செலுத்தியுள்ளார். மார்ச் 21-ஆம் தேதி வந்த பெட்டியில் 2 கோப்பைகள் உடைந்திருந்தன.

அவர் முதலில் செய்ய வேண்டியது, எதையும் அப்புறப்படுத்தாமல் படம் எடுப்பது. பெட்டியின் வெளிப்புறம், முகவரியும் கண்காணிப்பு எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு, உள்ளே சுற்றப்பட்டிருந்த விதம், உடைந்த பகுதியின் அண்மைப் படம், எல்லாக் கோப்பைகளும் ஒன்றாகத் தெரியும் படம் ஆகிய ஐந்தும் போதுமானவை. உள்ளே சுற்றப்பட்டிருந்த விதத்தைக் காட்டும் படத்தைப் பலர் எடுப்பதில்லை. ஆனால், சேதத்துக்குக் காரணம் குறைபாடான பொதியலா, வழியில் கையாண்ட விதமா என்ற கேள்வி எழும்போது அந்தப் படமே பேசும். படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிச் சேமித்தால் அவற்றின் தரம் குறைவதோடு, எடுக்கப்பட்ட நேரம் உள்ளிட்ட தகவல்களும் நீங்கிவிடும் என்பதால் மூலப் படங்களைத் தனியே வைத்திருக்க வேண்டும். விவகாரம் முடியும் வரை பெட்டியையும் உடைந்த துண்டுகளையும் எறியக் கூடாது.

கோரிக்கையைத் தனி மின்னஞ்சலில் அனுப்பாமல், தளத்தின் ஆர்டர் பக்கத்தில் உள்ள 'பொருளைத் திருப்பி அனுப்புதல்' வசதி வழியாக, சேதமடைந்து வந்தது என்ற காரணத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்வதே பாதுகாப்பானது. வாசகங்கள் எளிய ஆங்கிலத்தில், சுருக்கமாக இருக்கலாம்: ஆர்டர் எண், பொருளின் பெயர், கிடைத்த தேதி, 6 கோப்பைகளில் 2 உடைந்துள்ளன என்ற விவரம், 5 படங்கள் இணைக்கப்பட்டுள்ளன என்ற குறிப்பு, திரும்பத் தர வேண்டிய தொகை 72 டாலர். எவ்வளவு வேண்டும் என்பதைக் கூறாத கடிதத்துக்கு, 'வருந்துகிறோம்' என்ற பதில் மட்டுமே வரக்கூடும்.

விற்பனையாளர் 2 கோப்பைகளுக்கு மட்டும் 18 டாலர் தருவதாகச் சொல்லலாம். அதை ஏற்றால் கோரிக்கை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். தொகுப்பாக விற்ற பொருள் என்பதால் முழுத் தொகையைக் கேட்பதில் தவறில்லை. பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால், இபே விதிப்படி சேதமடைந்த பொருளுக்கான திருப்பி அனுப்பும் செலவு விற்பனையாளருடையது. சொந்தச் செலவில் அனுப்பினால் அஞ்சல் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டிவிடலாம்.

பொருள் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள், அதாவது ஏப்ரல் 20-க்குள், இபேயில் கோரிக்கை பதிவாக வேண்டும். 3 வேலை நாள்களில் விற்பனையாளர் தீர்வு தராவிட்டால் தளத்தையே தலையிடக் கேட்கலாம். 'அடுத்த வாரம் பணம் அனுப்புகிறோம்' என்ற பதில்களை நம்பி வாரங்களைக் கடத்துவோர், இந்தத் தேதி கடந்த பிறகே விழித்துக்கொள்கின்றனர்.

இதே தொகையைப் பேபால் வழியாகச் செலுத்தியிருந்தால், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள்கள், அதாவது ஆகஸ்ட் 30 வரை அவகாசம் உண்டு. அங்கு தகராறைப் பதிவு செய்த 20 நாள்களுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாகவே மூடப்படும். 'தகராறை மூடினால்தான் பணம் தர முடியும்' என்று விற்பனையாளர் கேட்பதும் உண்டு. மூடியதை மீண்டும் திறக்க முடியாது என்பதால், பணம் கணக்குக்கு வரும் வரை அதற்கு இணங்கக் கூடாது.

தளம் கைவிட்டால், அட்டை வழங்கிய வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கோரலாம். சேதமடைந்த பொருளுக்கு இதன் அவகாசம் பொதுவாகப் பொருள் கிடைத்ததிலிருந்து 120 நாள்கள். இங்கு ஜூலை 19 வரை. விற்பனையாளரிடம் தீர்வு காண முயன்றதற்கான ஆதாரத்தை வங்கி கேட்கும். தளத்தில் பதிவான உரையாடலும் அதே படங்களும் அப்போது கைகொடுக்கும்.

இந்தியாவிலுள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்களுக்கும் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் அளிக்கலாம். எனினும், இந்தியாவில் அலுவலகமே இல்லாத சிறு விற்பனையாளரிடம் இது எளிதில் பலன் தருவதில்லை; அங்கு தளமும் வங்கியுமே உண்மையான பிடி.

விற்பனையாளர் முழுத் தொகையைத் தந்தாலும், இறக்குமதியின்போது சுங்க வரி செலுத்தியிருந்தால் அது அவரிடமிருந்து வராது. அவர் திருப்பித் தருவது தமக்குக் கிடைத்த தொகையை மட்டுமே. டாலர் ரூபாயாக மாறுவதும் திரும்ப வரும் நாளின் மதிப்பில்தான் என்பதால், கணக்கில் சேரும் தொகை செலுத்திய தொகையிலிருந்து சற்று மாறுபடலாம்.