மூன்று தேதிகளும் ஒரு கட்டமும்: நிதி மென்பொருளில் வங்கி உத்தரவாதத்தைக் கடப்பாடாகப் பதிவதன் சிக்கல்

ஒப்பந்ததாரர்களும் பொருள் வழங்குநர்களும் பயன்படுத்தும் நிறுவன மென்பொருள்களில் வங்கி உத்தரவாதமும் அதற்காக வங்கியில் கட்டிவைக்கும் மார்ஜின் தொகையும் பெரும்பாலும் நிதித் தொகுதியின் கடப்பாடுப் பதிவேட்டில் சேர்க்கப்படுகின்றன. கொள்முதல் ஆணைகள் இருக்கும் அதே இடம்தான் அது. உத்தரவாதத்தைக் கடப்பாடு என்று அழைப்பதில் பெரிய தவறில்லை. ஆனால் கொள்முதல் ஆணைக்கென வகுத்த தர்க்கத்தை அதன்மேல் ஏற்றும்போது எண்கள் பொய்யாகின்றன. அந்தப் பொய் தொகையில் தென்படுவதில்லை, தேதியில்தான் ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொள்முதல் ஆணை வெளியானதும் அதன் மதிப்பு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டதாகிறது. சரக்கு வந்து பட்டியல் பதிவானதும் ஒதுக்கம் கரைந்து செலவாக மாறுகிறது. அங்கே கடப்பாடு என்பது பின்னால் வரப்போகும் செலவின் முன்நிழல். உத்தரவாதத்துக்கு இப்படி ஒரு பின்தொடர்ச்சி கிடையாது. இருபது லட்சத்துக்கு உத்தரவாதம் கொடுத்தால் இருபது லட்சம் செலவாகப்போகிறது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேலையை முடிப்பதற்கான செலவு திட்ட மதிப்பீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. உத்தரவாதத் தொகையையும் அதே ஒதுக்கத்தில் கழித்தால் ஒரே கடமை இரண்டு முறை எண்ணப்படும்.

கணக்கியல் மரபும் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, நிகழ்வு சார்ந்த பொறுப்புகளையும் கடப்பாடுகளையும் குறிப்புகளில் தனித்தனியே காட்டச் சொல்கிறது. அந்த அட்டவணைக்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிறருக்காகக் கொடுக்கும் உத்தரவாதமே நிகழ்வு சார்ந்த பொறுப்பு. தன் சொந்தக் கடமைக்காக நிறுவனம் வங்கிக்குக் கொடுக்கும் எதிர் உத்தரவாதம், எப்படியும் செய்தாக வேண்டியதைச் செய்வேன் என்னும் உறுதி மட்டுமே என்பதால், அதை நிகழ்வு சார்ந்த பொறுப்பாகக் காட்டக்கூடாது என்பது அதன் நிலைப்பாடு. நடைமுறையில் பல நிறுவனங்கள் இன்றும் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. கடன் கொடுப்போர் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் உத்தரவாதம் கட்டிப்போடுவது எதை? இரண்டை. ஒன்று, வங்கி அனுமதித்த உத்தரவாத வரம்பு. மற்றொன்று, மார்ஜினாக வைத்த நிலையான வைப்பு. அதன்மேல் வங்கி பற்றுரிமை, அதாவது லியன், குறித்துக்கொள்கிறது. இரண்டும் எப்போது கட்டப்படுகின்றன என்பதில் குழப்பமில்லை. எப்போது அவிழ்கின்றன என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஒரு உத்தரவாதத்துக்கு முடிவுத் தேதிகள் மூன்று. முதலாவது, அது செல்லுபடியாகும் கடைசி நாள். இரண்டாவது, பயனாளி வங்கியிடம் உரிமை கோருவதற்கான கடைசி நாள். செல்லுபடிக் காலத்தில் நேர்ந்த தவறுக்கு அதன்பின்னும் சிறிது காலம் கோரிக்கை அனுப்பலாம். மூன்றாவது, வங்கி தன் புத்தகத்தில் பொறுப்பை நீக்கி வரம்பையும் வைப்பையும் விடுவிக்கும் நாள். முதலிரண்டும் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கும். மூன்றாவது எந்தப் பத்திரத்திலும் இருக்காது. மூலப்பத்திரம் திரும்பி வருவது, பயனாளி விடுவிப்புக் கடிதம் கொடுப்பது, அல்லது கோரிக்கைக் காலம் கழிந்தபின் வங்கி தானே பதிவை முடிப்பது ஆகியவற்றில் ஒன்றுதான் அதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது தேதி நீண்டுபோனதற்குச் சட்ட வரலாறு உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, வழக்குத் தொடரும் கால வரம்பைக் குறுக்கும் நிபந்தனைகளைச் செல்லாதவை என்கிறது. காலத்தோடு உரிமையே அழிந்துவிடும் என்று எழுதித் தப்பிக்கும் வழியும் 1997-இல் வந்த திருத்தத்தால் அடைபட்டது. அரசு பயனாளியாக இருந்தால் வழக்குக்கான கால வரம்பு முப்பது ஆண்டுகள். அத்தனை காலம் பொறுப்பைச் சுமக்க முடியாத வங்கிகளுக்காக 2013-இல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் விதிவிலக்கு, குறிப்பிட்ட நிகழ்வுக்குப் பிறகு ஓராண்டுக்குக் குறையாத காலத்தை வைத்து அதோடு பொறுப்பை முடித்துக்கொள்ள இடமளித்தது. அதிலிருந்து கோரிக்கைக் காலமே ஓராண்டு இருக்க வேண்டும் என்று வங்கிகள் கேட்கத் தொடங்கின. அந்த ஓராண்டு உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவதற்கான காலம், வங்கியிடம் கோரிக்கை அனுப்பும் காலம் அல்ல என்று 2021-இல் எல் அண்ட் டி தொடர்ந்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் விளக்கியது. நிறுவனங்களுக்கு இது நல்ல தீர்ப்பு. ஆனாலும் மென்பொருளில் ஏற வேண்டியது கையில் இருக்கும் பத்திரம் சொல்லும் தேதிதான், தீர்ப்பு சொல்லும் தேதியல்ல.

மென்பொருள் இந்த மூன்றையும் எப்படி ஏந்துகிறது? திறந்த மூலமாகக் கிடைக்கும் இஆர்பிநெக்ஸ்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் `Bank Guarantee` என்றே தனிப் படிவம் இருக்கிறது. கொடுத்ததா பெற்றதா என்ற வகை, பயனாளியின் பெயர், `margin_money`, `charges`, `fixed_deposit_number` எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. `start_date`-உடன் செல்லுபடி நாள்களைக் கூட்டி ஒன்றைக் கழித்து `end_date`-ஐ அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். முடிவைக் குறிக்க உள்ள கட்டம் அது ஒன்றுதான். படிவத்தைச் சமர்ப்பித்தாலும் பேரேட்டில் எந்தப் பதிவும் உருவாகாது, நியாயமும் அதுதான். மார்ஜின் தொகையும் வைப்பு எண்ணும் வெறும் தகவலாகவே நிற்கின்றன, வைப்பின் பேரேட்டுக் கணக்கோடு அவற்றுக்குத் தொடர்பில்லை.

இந்த ஒற்றைத் தேதி என்ன செய்யும் என்பதைக் கற்பனையான ஒரு நேர்வில் பார்ப்போம். ஒரு நிறுவனம் அரசுத் துறை ஒன்றுக்கு ரூ. 4 கோடிக்கு மின்சாதனங்கள் வழங்குகிறது. செயல்பாட்டுப் பிணையம் ஐந்து சதவீதம், அதாவது ரூ. 20 லட்சம். சாதனங்களுக்கான வாரண்டிக் காலக் கடமைகள் 30-1-2026 அன்று முடிகின்றன. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் உள்ளபடி அதற்கு மேல் அறுபது நாள் சேர்த்தால் செல்லுபடி 31-3-2026 வரை வருகிறது. கோரிக்கைக் காலம் மேலும் ஓராண்டு, 31-3-2027 வரை. வங்கி இருபத்தைந்து சதவீத மார்ஜின் கேட்டதால் 1-4-2024 அன்று ரூ. 5 லட்சம் ஓராண்டு வைப்பாகப் போடப்பட்டு, தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு லியனில் போகிறது. அதே நாளில் தொடங்கும் உத்தரவாதத்துக்குச் செல்லுபடி 730 நாள் என்று உள்ளிட்டால் `end_date` சரியாக 31-3-2026 என்று விழும். கணக்கீட்டில் ஒரு பிழையும் இல்லை.

நிறுவனத்தின் மொத்த உத்தரவாத வரம்பு ரூ. 1 கோடி. மற்ற உத்தரவாதங்கள் ரூ. 75 லட்சம். 1-4-2026 காலையில் மென்பொருளின் அறிக்கை, முடிவுத் தேதி கடந்த உத்தரவாதத்தைத் தள்ளிவிட்டு, ரூ. 25 லட்சம் வரம்பு மிச்சம் என்கிறது. பணவரவு முன்கணிப்பும் வைப்புத் தொகையை ஏப்ரல் வரவில் சேர்த்துவிடுகிறது. அந்த வாரமே வேறொரு பணிக்கு ரூ. 18 லட்சத்துக்கு உத்தரவாதம் தேவைப்படுகிறது. வழக்கமான மார்ஜின் ரூ. 4.5 லட்சம் போதும் என்று நிதிப்பிரிவு ஒப்புதல் தருகிறது. வங்கியின் புத்தகத்திலோ பழைய ரூ. 20 லட்சம் அப்படியே நிற்கிறது. மூலப்பத்திரம் துறையின் கோப்பில் இருக்கிறது, யாரும் கேட்டு வாங்கவில்லை. வரம்பில் மிச்சம் ரூ. 5 லட்சம்தான். முழுத் தொகையையும் வைப்பாகக் கட்டினால் பத்திரம் தருகிறோம் என்கிறது வங்கி. நான்கரை லட்சம் என்று நினைத்த இடத்தில் பதினெட்டு லட்சம் முடங்குகிறது. வரும் என்று எண்ணிய ஐந்து லட்சமும் வரவில்லை.

இங்கே யாரும் தவறாக எதையும் தட்டச்சு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் தணிக்கையில் இது சிக்குவது கடினம்: உத்தரவாதப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் பதிவு சரி. வங்கி மாதந்தோறும் தரும் நிலுவை உத்தரவாதப் பட்டியலோடு ஒப்பிட்டால் மட்டுமே வேறுபாடு வெளிப்படும். வங்கிக் கணக்குச் சரிகட்டலைத் தவறாமல் செய்யும் நிறுவனங்கள்கூட இந்தப் பட்டியலைச் சரிகட்டாமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம்.

வைப்பின் பக்கம் இன்னொரு நழுவல். ஏழு சதவீத வட்டியில் காலாண்டுக் கூட்டுவட்டியாக ஐந்து லட்சம் ஓராண்டில் ஏறத்தாழ ரூ. 36,000 ஈட்டும். அதே வங்கியில் வேறு வைப்புகளும் இருந்து மொத்த வட்டி வரம்பைத் தாண்டினால் பத்து சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு, மீதி அசலோடு சேர்ந்து ஏறத்தாழ ரூ. 5,32,000-க்கு வைப்பு புதுப்பிக்கப்படும். சில வங்கிகளில் வைப்பு எண்ணும் மாறும். படிவத்தில் `margin_money` இன்னும் 500000, `fixed_deposit_number` பழைய எண். வங்கி கேட்டது ஐந்து லட்சம் மார்ஜின். லியனில் இருப்பதோ அதைவிட முப்பத்திரண்டாயிரம் அதிகம். கேட்டால் அந்த மிகுதியை வங்கி விடுவிக்கவும் கூடும், ஆனால் மிகுதி இருப்பதே பதிவேட்டில் தெரியாதபோது கேட்பது யார்? மார்ஜின் என்பது உத்தரவாதத்தின் ஒரு பண்பு அல்ல. தன் சொந்தத் தேதிகளும் தொகையும் கொண்ட தனிச் சொத்து அது. ஒரு வைப்பு பல உத்தரவாதங்களைத் தாங்கலாம், ஒரு உத்தரவாதத்துக்குப் பல வைப்புகள் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே, எந்த வைப்பில் எவ்வளவு எந்த உத்தரவாதத்துக்கு என்று சொல்லும் ஓர் இணைப்புப் பதிவு தேவை.

இருப்புநிலைக் குறிப்பிலும் இதன் விளைவு உண்டு. 31-3-2025 அன்று அந்த வைப்பு மறுநாளே முதிர்கிறது. முதிர்வுத் தேதியை மட்டும் பார்க்கும் அறிக்கை அதை நடப்புச் சொத்தில் போடும். மூன்றாம் அட்டவணையோ, அறிக்கை நாளுக்குப் பின் குறைந்தது பன்னிரண்டு மாதம் பயன்படுத்தத் தடையுள்ள ரொக்கத்தை நடப்புச் சொத்தாகக் கொள்வதில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் கைக்கு வரும் என எதிர்பார்க்கும் சொத்தே நடப்புச் சொத்து என்பதும் அதன் வரையறை. இந்த வைப்பு 2027 மார்ச் வரை கட்டுண்டது. ஆகவே அது நடப்பல்லாச் சொத்து. நடப்பு விகிதத்தைப் பார்த்துக் கடன் வரம்பை நிர்ணயிக்கும் வங்கிக்கு இந்த இடமாற்றம் சிறியதல்ல.

உத்தரவாதத்தைப் பேரேட்டிலேயே நினைவுக் கணக்குகளாக, ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரட்டைப் பதிவாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். எஸ்ஏபி போன்ற மென்பொருள்களில் உத்தரவாதங்களுக்கென்றே புள்ளிவிவரப் பதிவு வகை உண்டு. இருப்புநிலையைத் தொடாமல் வாடிக்கையாளர் அல்லது வழங்குநர் கணக்கில் தொகை தெரியும். தணிக்கைத் தடம் கிடைப்பது அதன் உண்மையான நன்மை. ஆனால் அந்தப் பதிவை எப்போது திருப்புவது என்ற கேள்விக்கு அது விடை தருவதில்லை. பழைய ஒற்றைத் தேதியே இங்கும் திருப்பும் நாளாகிவிடுகிறது.

திருத்தம் சிறியதுதான். இஆர்பிநெக்ஸ்டில் கோரிக்கை முடிவு நாளுக்கும் விடுவிப்பு நாளுக்கும் இரண்டு தனிக் கட்டங்களைச் சேர்க்கலாம். விடுவிப்பு நாள் எதிலிருந்தும் கணக்கிடப்படக் கூடாது. பொறுப்பு நீக்கப்பட்டது என்னும் வங்கியின் ஆவணத்தை இணைத்தால் மட்டுமே அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். வரம்பு அறிக்கை, பணவரவு முன்கணிப்பு, வைப்பின் வகைப்பாடு மூன்றில் முதலாவது அந்தக் கட்டம் காலியாக உள்ள எல்லா உத்தரவாதங்களையும் எண்ண வேண்டும். மற்ற இரண்டும், விடுவிப்பு நிகழாதவரை, கோரிக்கை முடிவு நாளையே எதிர்பார்ப்புத் தேதியாகக் கொள்ள வேண்டும். செல்லுபடி நாள் இவை எதிலும் நுழையாது. மூலப்பத்திரத்தைத் திரும்பக் கேட்டுப் பயனாளிக்குக் கடிதம் எழுத வேண்டிய நாளை நினைவூட்டுவதே அதன் வேலை. மேற்சொன்ன நேர்வில் ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தக் கடிதம் போய்த் துறையும் பத்திரத்தைத் திருப்பியிருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

2022 முதல் மின்னணு உத்தரவாதங்கள் வந்திருப்பதால் மூலப்பத்திரத்தைத் தேடும் வேலை குறைந்திருக்கிறது. அங்கும் பயனாளி விடுவிக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது மாறவில்லை.