இசைக் குறிப்பொருள் கோட்பாடு

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செவ்வியல் இசையில், கேட்போருக்குப் பழகிய இசைவகைகளின் சாயல்களை இனங்கண்டு பொருள்கொள்ளும் ஆய்வுமுறை. லெனார்ட் ராட்னர் 1980இல் வெளியிட்ட நூலால் பரவியது.

எடுத்துக்காட்டாக, ஹைடனின் 73ஆம் சிம்பொனி 'வேட்டை' எனப்படுகிறது. அதன் இறுதிப் பகுதியில் விரைவான 6/8 தாளத்தில் கொம்புகளும் ஓபோக்களும் வேட்டை அழைப்பை முழக்குகின்றன. தாளத்தை மட்டும் பார்த்தால் தவறு நேரும். ஆயர் இசைக்கும் 6/8 உண்டு. ஆனால் அது நிதானமாக நகரும். அடியில் நீடித்த ஒற்றைச் சுரம் சுருதிபோல் ஒலிக்கும். அணிநடை இசையோ இரட்டைத் தாளத்தில், விறைப்பான நெடில்-குறில் அசைவோடு வரும். சிம்பொனியின் இறுதிப் பகுதியில் மட்டுமே சேரும் எக்காளமும் டிம்பனியும் போர்ச்சாயல் தந்தாலும், தாளமும் அழைப்பும் வேட்டையையே உறுதிசெய்கின்றன. முழக்கத்தோடு முடியாமல், இப்பகுதி மெல்ல ஒலி தேய்ந்து முடிகிறது.