ஹாட்ஸ்பாட் தானாகவே துண்டிக்கப்படுவது ஏன்? அறிய வேண்டிய மூன்று அமைப்புகள்

கைப்பேசியின் இணையத்தை ஹாட்ஸ்பாட் மூலம் மடிக்கணினியுடன் பகிர்ந்து பணியாற்றுவோர், இணைப்பு திடீரென நின்றுபோனால் முதலில் சிக்னலையே சந்தேகிக்கின்றனர். எனினும், பல நேரங்களில் இணைப்பைத் துண்டிப்பது கைப்பேசியில் உள்ள அமைப்புகளே. இதன் காரணம் எளிதில் புலப்படுவதில்லை.

தானாக அணையும் நேரம்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "Turn off hotspot automatically" என்ற தேர்வு உள்ளது. எந்தக் கருவியும் இணைந்திராத நிலை குறிப்பிட்ட நேரம் நீடித்தால், இது ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும். ஆண்ட்ராய்டின் அடிப்படை அமைப்பில் இந்த நேரம் 10 நிமிடங்கள்; தயாரிப்பு நிறுவனத்துக்கேற்ப இது மாறலாம். சாம்சங் கைப்பேசிகளில் இந்த நேரத்தைப் பயனரே தேர்வு செய்யலாம்.

இங்கு கணக்கில் கொள்ளப்படுவது தரவுப் பயன்பாடு அன்று. கருவி இணைந்திருக்கிறதா என்பது மட்டுமே. இணைந்துள்ள மடிக்கணினி எதையும் பதிவிறக்காமல் இருந்தாலும் நேரம் ஓடத் தொடங்காது. ஆனால், மடிக்கணினி உறக்க நிலைக்குச் சென்றால் பெரும்பாலும் வைஃபை இணைப்பையும் விட்டுவிடுகிறது. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஒரு மாணவர் மடிக்கணினியில் படிவத்தை நிரப்புகிறார் எனக் கொள்வோம். பிற்பகல் 12.30 மணிக்கு உணவருந்தச் செல்கிறார். மடிக்கணினி 5 நிமிடங்களில் உறங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால் 12.35-க்கு இணைப்பு விடுபடுகிறது. கைப்பேசி மேலும் 10 நிமிடங்கள் காத்திருந்து, 12.45-க்கு ஹாட்ஸ்பாட்டை அணைக்கிறது. 12.55-க்குத் திரும்பும் மாணவர், படிவம் திரையில் அப்படியே இருப்பதைக் கண்டு "சமர்ப்பி" பொத்தானை அழுத்துகிறார். இணைப்பு இல்லாததால் பக்கம் பிழை காட்டுகிறது. நிரப்பிய விவரங்களும் அழிந்துபோகக்கூடும்.

இதைத் தவிர்க்க, பணி முடியும் வரை அந்தத் தேர்வை அணைத்து வைக்கலாம். பேட்டரி செலவாகும் என்பதால் பின்னர் மீண்டும் இயக்குவது நல்லது. யுஎஸ்பி கேபிள் வழியாக இணையத்தைப் பகிர்வது மற்றொரு வழி. இந்த நேரக் கட்டுப்பாடு வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டுமே உரியது.

விண்டோஸ் கணினியை ஹாட்ஸ்பாட்டாகப் பயன்படுத்துவோரும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் "Mobile hotspot" பக்கத்தில் "Power saving" என்ற பெயரில் இதே போன்ற தேர்வு உள்ளது. ஐபோனில், புதிய கருவி இணையும் வரை "Personal Hotspot" திரையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

டேட்டா சேவர்

ஆண்ட்ராய்டு 7 பதிப்பில் (2016) அறிமுகமான "Data Saver" இயங்கும்போது ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்த இயலாது. ஹாட்ஸ்பாட் பொத்தான் மங்கலாகக் காணப்பட்டால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். புதிய பதிப்புகளில், ஹாட்ஸ்பாட் இயங்கிக்கொண்டிருக்கும்போது டேட்டா சேவரை இயக்கினாலும் பகிர்வு துண்டிக்கப்படும். கேபிள் வழிப் பகிர்வுக்கும் இது பொருந்தும். சில செயலிகளுக்கு "Unrestricted data" விலக்கு அளித்திருந்தாலும், அது ஹாட்ஸ்பாட்டுக்குப் பயன்படாது. டேட்டா சேவரையே அணைக்க வேண்டும்.

இணையத்தைப் பெறும் கைப்பேசியில் டேட்டா சேவர் இயங்கினால் நிலைமை வேறு. ஹாட்ஸ்பாட்டை அளவிடப்படும் இணைப்பாகக் கருதும் அந்தக் கைப்பேசி, பின்னணியில் உள்ள செயலிகளுக்குத் தரவை மறுக்கிறது. திறந்திருக்கும் செயலி இயங்கும். மற்றவற்றின் செய்திகள் அவற்றைத் திறக்கும்போதுதான் வந்து சேரும். ஐபோனின் "Low Data Mode" அமைப்பும் பின்னணிப் பயன்பாட்டைக் குறைக்கிறது.

கருவிகளின் எண்ணிக்கை வரம்பு

ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் இணையலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் இது 8. ஐபோனில், கைப்பேசியின் மாதிரியையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் பொறுத்து மாறுபடும். ஆண்ட்ராய்டில் சில கைப்பேசிகள், பயனரே வரம்பைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஏற்கெனவே கடவுச்சொல்லைச் சேமித்துவைத்துள்ள தொலைக்காட்சி, பழைய கைப்பேசி போன்றவை தாமாகவே இணைந்து இடத்தை நிரப்பிவிடக்கூடும். கடவுச்சொல்லை மாற்றினால் அவை விலகிவிடும்.

காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் குறியீடு மறைந்திருந்தால், நேரக் கட்டுப்பாட்டைப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தவே இயலாவிட்டால் டேட்டா சேவரைச் சோதிக்க வேண்டும். பழைய கருவிகள் இயங்க, சரியான கடவுச்சொல் அளித்தும் புதியது மட்டும் இணையாவிட்டால், எண்ணிக்கை வரம்பு காரணமாக இருக்கலாம். இணைப்பு இருந்தும் வேகம் மட்டும் மிகவும் குறைந்திருந்தால், அன்றைய தரவு ஒதுக்கீடு தீர்ந்திருக்க வாய்ப்புண்டு. இந்தியாவின் பல முன்கட்டணத் திட்டங்களில் அதன் பின் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைக்கப்படுகிறது.