கிலோமீட்டருக்கு எத்தனை டெசிபல்? வீடுவரை வரும் ஒளியிழையின் திறன் கணக்கும் பழுதறியும் வழியும்

ஒளியிழையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது ஓர் எண்தான்: ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை டெசிபல் இழப்பு. நகரத்துக்கு நகரம் போகும் நெடுந்தூர வழித்தடத்தில் அந்த முதன்மை நியாயமானது. அங்கே இழப்பில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே நிகழ்கிறது. ஆனால் இன்று வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் ஜிபான் வகை இணைப்புகளில் இந்த எண் செலவுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு, அதுவும் வெகு பின்தங்கிய இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. அப்படியானால் அங்கே அதனால் என்ன பயன்? திட்டமிடும்போது கிடைப்பதைவிடப் பழுது காணும்போதுதான் அதிகப் பயன் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பயன் எண்ணின் அளவில் இல்லை. இரண்டு அலைநீளங்களில் அது காட்டும் வேறுபாட்டில் இருக்கிறது.

1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதிய ஆய்வுரை, கிலோமீட்டருக்கு 20 டெசிபல் என்ற எல்லையை எட்டினால் கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்றது. 20 டெசிபல் என்றால் ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நுழைந்த ஒளியில் நூறில் ஒரு பங்கு மிஞ்சும். அன்றைய கண்ணாடியில் இழப்பு கிலோமீட்டருக்கு ஆயிரம் டெசிபல் அளவில் இருந்ததால் இதுவே துணிச்சலான கூற்றுதான். 1970-இல் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபலை எட்டினார்கள். இன்று சாதாரணமாக மண்ணில் புதைக்கப்படும் ஜி.652.டி வகை இழையில் 1310 நானோமீட்டரில் சுமார் 0.35, 1550-இல் சுமார் 0.2 டெசிபல்.

இதற்குக் கீழே அதிகம் இறங்க முடியாததற்குக் காரணம் மாசு அல்ல. உருகிய சிலிக்கா உறையும்போது அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் அப்படியே நின்றுவிடுகின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. இந்த ரேலே சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் நடக்கும். 1310-இலிருந்து 1550-க்குப் போனால் சிதறல் ஏறக்குறையப் பாதியாகும். மேலே சொன்ன இரண்டு எண்களும் அந்த விகிதத்தைத்தான் காட்டுகின்றன. அதாவது நல்ல இழையில் கிலோமீட்டர் இழப்பு என்பது தொழிற்சாலையின் திறமையைவிடக் கண்ணாடியின் இயல்பைச் சொல்லும் எண். ஆண்டுகள் போனாலும் அது பெரிதாக மாறுவதில்லை. இந்த மாறாத்தன்மை பின்னால் நமக்குக் கைகொடுக்கும்.

இனிக் கணக்கு. டெசிபல் ஒரு விகிதம். டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட திறன் அளவு. +3 டிபிஎம் என்றால் 2 மில்லிவாட், −27 டிபிஎம் என்றால் 2 மைக்ரோவாட். இரண்டுக்கும் இடையே 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு. டிபிஎம்மிலிருந்து டிபிஎம்மைக் கழித்தால் டெசிபல் கிடைக்கும். டிபிஎம்மோடு டிபிஎம்மைக் கூட்டினால் பொருளற்ற எண் கிடைக்கும். இதை நினைவில் வைத்தால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்:

```
P_rx = P_tx − (α·L + n_s·a_s + n_c·a_c + A_split)
```

α கிலோமீட்டர் இழப்பு, L நீளம், அடுத்த இரண்டும் ஸ்பிளைஸ்களும் கனெக்டர்களும், கடைசியில் ஸ்பிளிட்டர்.

ஜிபானில் மிகப் பரவலான பி பிளஸ் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தொலைபேசி நிலையத்தில் இருக்கும் ஓஎல்டி 1490 நானோமீட்டரில் குறைந்தது +1.5 டிபிஎம் அனுப்பும். வீட்டிலிருக்கும் ஓஎன்டி −27 வரை கேட்கும். எதிர்த்திசையில் ஓஎன்டி 1310-இல் குறைந்தது +0.5 அனுப்பும், ஓஎல்டி −28 வரை கேட்கும். இரு திசையிலும் 28.5 டெசிபல் வருகிறது. வழியில் ஒளித்துடிப்பு சிதைவதற்கென்று அரை டெசிபலை ஒதுக்கியபின் வடத்தில் செலவழிக்கக் கிடைப்பது 28. இன்னொரு எல்லையும் உண்டு. ஓஎல்டி +5 வரை அனுப்பலாம், ஓஎன்டி −8-க்கு மேல் தாங்காது. ஆகவே இழப்பு 13 டெசிபலுக்குக் குறையவும் கூடாது. சோதனைக்கூடத்தில் ஸ்பிளிட்டர் இல்லாமல் ஓஎல்டியையும் ஓஎன்டியையும் நேரடியாகப் பேட்ச் கார்டில் இணைப்பவர்கள் இந்தக் கீழ் எல்லையை மறந்துவிடுகிறார்கள்.

நிலையத்திலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர்; 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர். 1310-இல் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் இழையில் 4.9 டெசிபல். வடம் 2 கிலோமீட்டர் உருளைகளாக வருகிறது. வழியிலுள்ள ஜாயிண்ட்டுகள், இரு முனைகள், ஸ்பிளிட்டரின் இரு பக்கம் எல்லாம் சேர்த்து 12 ஸ்பிளைஸ் என்று வைத்தால், ஒன்றுக்கு 0.1 வீதம் 1.2. நான்கு கனெக்டர் இணைப்புகள், ஒன்றுக்கு 0.5 வீதம் 2.0. ஸ்பிளிட்டருக்கு 17.5. மொத்தம் 25.6, கையிருப்பு 2.4 டெசிபல். கீழ்த்திசையில் 1490-க்குக் கிலோமீட்டருக்கு 0.24 என்று எடுத்தால் இழையின் செலவு 3.4-ஆகக் குறைகிறது. மொத்தம் 24.1, கையிருப்பு 3.9.

இரண்டு செய்திகள் இதில் தெரிகின்றன. முதலாவது, டெசிபலில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்பிளிட்டரே எடுத்துக்கொள்கிறது. இன்னும் சிறந்த இழை வாங்கி 0.35-ஐ 0.32 ஆக்கினால் மிச்சமாவது 0.4 டெசிபல்தான், அழுக்குப் படிந்த ஒரு கனெக்டர் அதைவிட அதிகமாக விழுங்கும். இரண்டாவது, இணைப்பின் எல்லையைத் தீர்மானிப்பது மேல்திசை. ஆனால் வீட்டுக்கு வரும் தொழில்நுட்பர் பவர் மீட்டரில் பார்ப்பது கீழ்த்திசையை. ஓஎல்டி +3 அனுப்பினால் மீட்டர் −21 காட்டும்; அவர் நிறைவோடு கிளம்பிவிடுவார். குறுகிய கையிருப்புள்ள திசையை யாரும் அளக்கவில்லை.

ஸ்பிளிட்டரைப் பற்றி ஒரு ஐயம் அடிக்கடி எழும். கீழே வரும் ஒளி 32 பங்காகப் பிரிகிறது, சரி. மேலே போகும் ஒளி ஒரே வழியாகத்தானே போகிறது, அதற்கு ஏன் அதே இழப்பு? இரண்டாகப் பிரியும் ஒரு சந்திப்பை நினைத்தால் விடை புரியும். ஒரு கிளையிலிருந்து மேலேறும் ஒளி சந்திப்புக்கு வரும்போது அதில் பாதிதான் ஒற்றைப்பாங்கு இழை ஏற்றுக்கொள்ளும் வடிவில் இருக்கிறது. மற்றப் பாதிக்கு அந்த இழைக்குள் இடமில்லை. உறையில் கசிந்து போகிறது. ஐந்து அடுக்குச் சந்திப்புகளில் இப்படிப் பாதிபாதியாகப் போனால் 15 டெசிபல். தயாரிப்புக் குறைகளும் சேர்ந்து 17 முதல் 17.5. வீடுகளை 64 ஆக்கினால் இன்னும் ஒரு அடுக்கு, ஏறத்தாழ 3.5 டெசிபல். 1310-இல் அது 10 கிலோமீட்டர் இழைக்குச் சமம். நம் ஊருக்கு 64 பிரிப்பு வைத்தால் 29.1 ஆகி 28-ஐத் தாண்டிவிடும். 32 டெசிபல் தரும் சி பிளஸ் கருவிகளுக்கு மாற வேண்டியிருக்கும்.

எல்லா இடத்திலும் மோசமான எண்ணையே கூட்டுவது மிகைக் கவனமல்லவா என்று கேட்கலாம். ஸ்பிளைஸைப் பொறுத்தவரை அப்படித்தான். ஒரு ஸ்பிளைஸ் சராசரியாக 0.05 டெசிபல், திட்ட விலக்கம் 0.03 என்று கொள்வோம். 12 ஸ்பிளைஸில் சராசரி நேராகக் கூடி 0.6 ஆகும், விலக்கமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் கூடும், சுமார் 0.1. இரண்டு விலக்கம் சேர்த்தாலும் 0.8, நாம் ஒதுக்கியது 1.2. ஐம்பது அறுபது ஸ்பிளைஸ் உள்ள நெடுவழியில் இந்த வேறுபாடு பெரிது. ஆனால் கனெக்டருக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது. ஸ்பிளைஸ் ஒருமுறை போட்டால் மூடிக்கிடப்பது. கனெக்டரோ ஆண்டு முழுவதும் கழற்றி மாட்டப்படுவது. அதன் இழப்பு ஒரு பரவலிலிருந்து எடுத்த மாதிரி அல்ல, நாளுக்கு நாள் நகரும் எண். பச்சைத் தலைக் கனெக்டரில் நீலத் தலையைச் செருகினால் முனைகள் சரிந்து நின்று காற்றிடைவெளி விழும். பல டெசிபல் போய்விடும். ஆகவே ஸ்பிளைஸில் மிஞ்சுவதைக் கனெக்டருக்கும், வருங்கால வெட்டுகளுக்கும் விட்டுவைப்பதே சரி. சாலை தோண்டும்போது வடம் அறுந்தால் நடுவே ஒரு துண்டு வைத்து இரண்டு ஸ்பிளைஸ் போட வேண்டும், வெட்டுக்கு 0.2 வீதம் ஐந்து வெட்டுக்கு ஒரு டெசிபல் கரையும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன பயன். நலமாக இருக்கும் இணைப்பில் மேல்திசை இழப்பு கீழ்த்திசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை இழையே சொல்லிவிடுகிறது: கிலோமீட்டருக்கு 0.11 வீதம் 14 கிலோமீட்டருக்கு சுமார் 1.5 டெசிபல். ஓஎல்டியும் ஓஎன்டியும் தாம் அனுப்பும், பெறும் திறனைத் தாமே அறிவிப்பதால் இரு திசை இழப்பையும் யாரும் வீட்டுக்குப் போகாமலே கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, இணைப்புக் கொடுத்த நாளில் ஓஎல்டி +3.0 அனுப்ப ஓஎன்டி −19.2 பெறுகிறது: இழப்பு 22.2. ஓஎன்டி +2.1 அனுப்ப ஓஎல்டி −21.5 பெறுகிறது: இழப்பு 23.6. வேறுபாடு 1.4; கணக்குக்கு ஒத்துப்போகிறது. சில மாதம் கழித்து கீழ்த்திசை இழப்பு 26.4, மேல்திசை 24.4 என்று வந்தால்? ஓஎன்டி பெறுவது −23.4 என்பதால் இணையம் தடையின்றி ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் வேறுபாடு தலைகீழாகிவிட்டது. கீழே 4.2 கூடியிருக்க, மேலே கூடியது 0.8 மட்டுமே.

கண்ணாடியின் சிதறல் நீண்ட அலையைக் குறைவாகத் தொடும், வளைவு நேர்மாறானது. அலைநீளம் கூடக்கூட ஒளி உள்ளகத்தில் தளர்வாகப் பிடிபட்டு வெளிப்பக்கம் பரந்து நிற்பதால், இறுக்கமான வளைவில் 1310-ஐவிட 1490 அதிகமாகக் கசியும். எனவே மேலே கண்டது ஏதோ ஓரிடத்தில் இழை மடங்கியிருப்பதன் அடையாளம்: கதவிடுக்கிலோ, ஜாயிண்ட் குளோசரின் தட்டிலோ. இரு திசையும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தால் கனெக்டர் அழுக்கையோ பழுதான ஸ்பிளைஸையோ முதலில் தேடலாம். ஒரே ஸ்பிளிட்டரின் கீழுள்ள எல்லா வீட்டிலும் ஒன்றாகக் கூடியிருந்தால் பழுது ஸ்பிளிட்டருக்கு மேலே. ஒரு வீட்டில் மட்டும் என்றால் கீழே. ஓடிடிஆரைத் தூக்கிக்கொண்டு போகுமுன்பே இவ்வளவும் தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு வரம்புகள் உண்டு. கருவிகள் தாமே சொல்லும் திறன் அளவில் 2, 3 டெசிபல் பிழை இருக்கலாம். ஆகவே 1.4 என்ற வேறுபாட்டைத் தனியே எடுத்து நம்ப முடியாது. அதே கருவி முதல் நாளில் சொன்னதோடு ஒப்பிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் இரு பக்கமும் ஒன்றாக இருந்து கழிந்துபோகும். ஓஎன்டியை மாற்றினாலோ ஓஎல்டியின் ஒளித்தொகுதியை மாற்றினாலோ பழைய பதிவு செல்லாது. அன்றே புதிதாகக் குறிக்க வேண்டும். வீட்டுக்குள் ஜி.657.ஏ2 வகை வளைவு தாங்கும் இழை போட்டிருந்தால் 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தாலும் கசிவு சிறிதே. அங்கே இந்த அடையாளம் மங்கிவிடும், ஆனால் வெளி வடத்தின் ஜி.652 இழைக்கு அது அப்படியே பொருந்தும். வளைவும் அழுக்கும் சேர்ந்து வந்தால் எண்கள் இடைப்பட்டு நிற்கும். அப்போது 1310-இலும் 1550-இலும் ஓடிடிஆர் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.