மைலா, மனிதரா: ஊபரின் 2019 பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சந்தை அளவு

ஊபர் நிறுவனத்தின் மதிப்பு பற்றி 2014இல் நடந்த விவாதத்தை மேலாண்மைக் கல்வி இன்றுவரை ஒரே விதமாகத்தான் வாசித்து வருகிறது. நிதித்துறைப் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் டாக்சித் தொழிலை மட்டும் சந்தையாகக் கொண்டார், அதனால் தவறினார். ஊபரின் முதலீட்டாளர் பில் கர்லி சொந்தக் கார் பயணங்களையும் சேர்த்துக்கொண்டார், அதனால் வென்றார். ஆகவே சந்தையை அகலமாக வரையறுப்பதே அறிவுடைமை என்பது அந்த வாசிப்பின் முடிவு. இந்த முடிவு தவறு என்று கருதுகிறேன். அதற்கான சான்று, அகலமான வரையறையின் உச்சம் என்று கொண்டாடப்படும் ஆவணத்திலேயே இருக்கிறது: 2019 ஏப்ரலில் ஊபர் தன் முதல் பங்கு வெளியீட்டுக்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் அளித்த பதிவு ஆவணம்.

அதற்கு முன், 2014இன் இரு தரப்பும் கணக்கிட்ட முறையைப் பார்த்துவிடலாம். தாமோதரன் உலக டாக்சிச் சந்தையை 10,000 கோடி டாலர் என்று வைத்து, அதில் 10 விழுக்காடு ஊபருக்குக் கிடைக்கும் என்றார். கர்லி டாக்சிச் சந்தையை மும்மடங்காக்கினார். கார் வைத்திருப்பதற்காக உலகம் செலவிடும் சுமார் 6 லட்சம் கோடி டாலரில் 2.5 முதல் 12.5 விழுக்காடு வரை அதனுடன் சேர்த்தார். இருவரும் ஒரு பெருந்தொகையை எடுத்து, அதன்மேல் ஒரு விழுக்காட்டை வைத்தவர்களே. யார் பணம் கொடுப்பார், எத்தனை முறை கொடுப்பார் என்ற கேள்விக்கு இரு கணக்கின் கூட்டல் பெருக்கலிலும் இடமில்லை. கர்லி சான் பிரான்சிஸ்கோவின் அனுபவத்தைச் சுட்டியது மதிப்புமிக்கது. 2015 தொடக்கத்தில் அந்நகரில் ஊபரின் ஆண்டு வரவு 50 கோடி டாலர் அளவில் ஓடுகிறது, டாக்சிச் சந்தையோ 14 கோடிதான் என்று அன்றைய தலைமை நிர்வாகி டிராவிஸ் கலானிக் கூறியது அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் ஒரு நகரில் எண்ணக் கிடைத்ததை எண்ணாமல், அதை உலகுக்கான ஒரு விழுக்காட்டின் ஆதரவாக மாற்றிய இடத்தில்தான் வாதம் வழுக்கியது.

இனி ஆவணம். தனிநபர் போக்குவரத்துக்கான மொத்தச் சந்தை 175 நாடுகளில் ஆண்டுக்கு 11.9 லட்சம் கோடி மைல் என்றும், அதன் மதிப்பு 5.7 லட்சம் கோடி டாலர் என்றும் அது கூறுகிறது. சொந்தக் காரில் செல்லும் பயணமும் பேருந்து, ரயில் பயணமும் இதில் அடக்கம். 2018இல் ஊபரில் மக்கள் சென்ற தொலைவு சுமார் 2,600 கோடி மைல். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஊபர் இன்னும் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை, வளர எவ்வளவு இடம் இருக்கிறது என்று நினைப்பார். ஆவணம் விரும்பும் வாசிப்பும் அதுவே.

ஆவணத்தின் எண்களை வகுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 5.7 லட்சம் கோடி டாலரை 11.9 லட்சம் கோடி மைலால் வகுத்தால் மைலுக்கு 48 சென்ட். அதே ஆவணத்தில் ஊபரின் 2018 சவாரிப் பிரிவில் பயணிகள் செலுத்திய மொத்தத் தொகை 4,150 கோடி டாலர். அதை 2,600 கோடி மைலால் வகுத்தால் மைலுக்கு 1 டாலர் 60 சென்ட். அதாவது, மைலுக்கு 48 சென்ட் செலவில் போய்வரும் மக்களின் பயணம், மூன்று மடங்குக்கும் மேல் விலையில் விற்கப்படும் ஒரு சேவையின் சந்தையாகக் காட்டப்பட்டுள்ளது. பேருந்தில் அலுவலகம் போகிறவர் மழை நாளில் ஊபர் பிடிக்கலாம். ஆண்டு முழுவதும் அவர் பயணிக்கும் மைல் எல்லாம் அந்த விலைக்கு வராது. விலை சொல்லாமல் சந்தை அளவைச் சொல்வதில் பொருளில்லை.

மைலை விட்டு மனிதரை எண்ணினால் என்ன வரும்? அதற்கான தரவும் ஆவணத்திலேயே உண்டு. ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சவாரி செய்தவர் அல்லது உணவு வரவழைத்தவர் ஒரு வாடிக்கையாளர். 2018இன் கடைசிக் காலாண்டில் அத்தகையோர் மாதச் சராசரியாக 9.1 கோடி. அவர்கள் அந்த மூன்று மாதங்களில் செய்த பயணமும் பெற்ற உணவுமாக 149 கோடி. மொத்தத் தொகை 1,420 கோடி டாலர். ஆளுக்கு மாதம் ஐந்தரை முறை, ஆண்டுக்குச் சுமார் 624 டாலர். இந்த வேகத்தில் செலவழிப்பவர்களைக் கொண்டு 5.7 லட்சம் கோடி டாலரை நிரப்ப 910 கோடி வாடிக்கையாளர்கள் வேண்டும். அன்றைய உலக மக்கள்தொகை சுமார் 760 கோடி.

இக்கணக்கின் எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும். சவாரியையும் உணவையும் வாடிக்கையாளர் எண்ணிக்கை பிரித்துக் காட்டவில்லை. தொகையில் சரக்குப் பிரிவின் சிறு பங்கும் கலந்திருக்கிறது. இவை இரண்டும் தலைக்கான செலவை உயர்த்திக் காட்டக்கூடியவை. ஆகவே சவாரியை மட்டும் பிரிக்க முடிந்தால், தேவைப்படும் தலைகள் பெரும்பாலும் இன்னும் கூடும். மூவர் ஏறும் காரில் பணம் கட்டுபவர் ஒருவரே கணக்கில் வருகிறார் என்பதும் உண்மைதான். ஆனால் சந்தையின் மதிப்பு பணம் கட்டுபவரைப் பொறுத்தது.

மொத்தச் சந்தை என்பது முன்கணிப்பு அல்ல, வெறும் எல்லைக்கோடு என்பார்கள். அப்படியானால் அதைப் பகுதியாக வைத்து "ஒரு விழுக்காட்டுக்கும் கீழே" என்று எழுதியிருக்கக் கூடாது. தானோட்டிக் கார் வந்தால் விலை இறங்கும் என்பது இன்னொரு மறுப்பு. விலை இறங்கும்போது, அந்த விலையில் வருபவர்களை அப்போது எண்ணலாம்.

கூடுதல் கவனத்துக்குரியது பின்னர் கிடைத்த தரவு. 2024இன் கடைசிக் காலாண்டில் ஊபரின் மாத வாடிக்கையாளர் 17.1 கோடி, பயணங்கள் சுமார் 307 கோடி, மொத்தத் தொகை 4,420 கோடி டாலர். ஆறு ஆண்டில் ஆட்கள் இரு மடங்கை நெருங்கினார்கள். ஆனால் ஒருவர் மாதத்தில் பயன்படுத்தும் எண்ணிக்கை ஐந்தரையிலிருந்து ஆறாகத்தான் ஆனது. சொந்தக் காரை ஊபர் பதிலீடு செய்யும் என்பது சரியாக இருந்திருந்தால் முதலில் ஏறியிருக்க வேண்டிய எண் இதுவே. தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு மாதம் நாற்பது பயணம் தேவை. ஆறு முறை என்பது விமான நிலையம், இரவு விருந்து, அவசரம், வீட்டுக்கு வரவழைத்த உணவு. இந்தச் சராசரிக்குள் தினப் பயணிகள் சிலர் மறைந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊபர் பெரிதாக வளர்ந்தது என்பது கர்லியின் வரையறையை மெய்ப்பித்துவிடவில்லை. காரை விட்டவர்களால் அல்ல, எப்போதாவது அழைப்பவர்கள் பலர் சேர்ந்ததால் வந்த வளர்ச்சி இது என்றே இந்த எண்கள் காட்டுகின்றன.

எங்கிருந்து எண்ணத் தொடங்கியிருக்கலாம் என்பதற்கும் 2019 ஆவணம் குறிப்புத் தருகிறது. 2018 சவாரித் தொகையில் 24 விழுக்காடு ஐந்து பெருநகரங்களிலிருந்து வந்தது: லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வட்டாரம், லண்டன், சாவோ பாவ்லோ. 15 விழுக்காடு விமான நிலையப் பயணங்கள். ஊபர் இயங்கிய நகரங்களோ 700க்கும் மேல். விமான நிலையத்தில் வந்திறங்குபவர் எத்தனை பேர் என்பது பெரும்பாலான நிலையங்கள் வெளியிடும் எண். அவர்களில் இடைமாற்றுப் பயணிகளைக் கழித்து, சேர்ந்து வருபவர்களை ஒரு வண்டியாக்கி, ரயிலும் சொந்தக் காரும் எடுப்பவர்களை நீக்கினால், நகர் நகராக ஒரு தொகை வரும். அது 175 நாடுகளின் மைல்களைவிட மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு படியையும் இன்னொருவர் சரிபார்க்கலாம், எந்தப் படியில் பிழை என்றும் காட்டலாம்.